எம்.சி.பி. மேல் இருக்கும் அந்த 10000

உங்கள் வீட்டு மெயின் போர்டின் மூடியைத் திறந்து, வரிசையாக நிற்கும் எம்.சி.பி.களில் ஒன்றை உற்றுப் பாருங்கள். C16, C20 என்று ஏதாவது பெரிதாக எழுதியிருக்கும். அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதற்குள் 6000 அல்லது 10000 என்று ஓர் எண். எங்கள் தெரு எலக்ட்ரீஷியனிடம் இது என்னவென்று ஒருமுறை கேட்டேன். “அது கம்பெனி நம்பர் சார், நமக்கு வேண்டியது மேலே இருக்கிற 16 தான்” என்றார்.

அது கம்பெனி நம்பர் இல்லை. அதுவும் ஆம்பியர் கணக்குதான். 16 என்பது அந்த எம்.சி.பி. நாள் முழுக்கச் சுமக்கக்கூடிய மின்னோட்டம். ஷார்ட் சர்க்யூட் ஆகி 10000 ஆம்பியர் பாய்ந்தாலும், தான் வெடிக்காமல் அதைத் துண்டித்துவிடும் என்பது கட்டத்துக்குள் இருக்கும் எண்ணின் பொருள். ஏழெட்டு ஆம்பியரில் ஏசி ஓடும் வீட்டில் பத்தாயிரம் ஆம்பியர் எங்கிருந்து வரும்? வீட்டுக்குள் தேடினால் இதற்குப் பதில் கிடைக்காது. காம்பவுண்டு மூலையில் உறுமிக்கொண்டிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தொடங்க வேண்டும்.

சாதாரண நேரத்தில் மின்னோட்டம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது நாம் போடும் கருவி. கெய்சரின் சுருள் 26 ஓம் தடை கொடுக்கிறது, அதனால் 9 ஆம்பியருக்குள் நிற்கிறது. ஃபேஸ் கம்பியும் நியூட்ரல் கம்பியும் நேரடியாகத் தொட்டுக்கொண்டால் கருவி என்ற ஒன்றே நடுவில் இல்லை. அப்போது மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த மிச்சமிருப்பது, தொட்ட இடத்துக்குப் பின்னால் இருக்கும் எல்லாமும் சேர்ந்து கொடுக்கும் தடுப்பு மட்டும்: வீட்டு ஒயர், கேபிள், டிரான்ஸ்ஃபார்மரின் சுருள்கள், அதற்கும் பின்னால் உள்ள 11000 வோல்ட் லைன். இந்த மொத்தத் தடுப்பைத்தான் அந்த இடத்தின் சோர்ஸ் இம்பீடன்ஸ் என்கிறார்கள். வோல்ட்டை அதால் வகுத்தால் ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டம் கிடைத்துவிடும். கணக்கு இவ்வளவுதான். ஆனால் வீட்டின் ஒவ்வொரு இடத்திலும் விடை வேறு.

ஓர் அடுக்ககத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கென்றே 250 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் நிற்கிறது. அதன் பெயர்ப்பலகையில் இம்பீடன்ஸ் 4.5 சதவீதம் என்று பொறித்திருக்கும். ஓம் என்று சொல்லாமல் சதவீதத்தில் சொல்வதற்குக் காரணம், அதை அளக்கும் முறை. தொழிற்சாலையில் டிரான்ஸ்ஃபார்மரின் வெளியேறும் முனைகளைக் கனமான பட்டையால் ஒன்றாகக் கட்டிவிட்டு, உள்ளே வரும் வோல்ட்டைச் சுழியத்திலிருந்து மெல்ல மெல்ல ஏற்றுவார்கள். முழுச் சுமைக்குரிய மின்னோட்டம் பாயத் தொடங்கும்போது மீட்டரைப் பார்த்தால், முழு வோல்ட்டில் 4.5 சதவீதம்தான் ஏறியிருக்கும். அப்படியானால் முழு நூறு சதவீத வோல்ட்டும் இருக்கும்போது முனைகள் ஒன்றோடொன்று ஒட்டினால்? நூறை 4.5ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், முழுச்சுமையைப் போல 22 மடங்கு பாயும். இந்த டிரான்ஸ்ஃபார்மரின் முழுச்சுமை 333 ஆம்பியர். எனவே அதன் முனையில் ஷார்ட் ஆனால் சுமார் 7400 ஆம்பியர். ஓமில் சொன்னால், 250 வோல்ட்டுக்கு எதிராக நிற்கும் தடுப்பு 34 மில்லி ஓம் மட்டுமே.

‘டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் மேட்டூரும் நெய்வேலியும் இருக்கின்றனவே, அந்த லைனின் தடுப்பு கணக்கில் வராதா?’ என்று கேட்கலாம். வரும். ஆனால் 11000 வோல்ட் பக்கம் இருக்கும் தடுப்பு, 433 வோல்ட் பக்கத்திலிருந்து பார்க்கும்போது வோல்ட் விகிதத்தின் வர்க்கத்தால் சுருங்கிவிடும். அந்த விகிதம் சுமார் 25. அதன் வர்க்கம் 645. லைனின் தடுப்பு 0.8 ஓம் என்று வைத்துக்கொண்டால், இந்தப் பக்கத்துக்கு அது ஒரு மில்லி ஓமுக்குச் சற்றே மேல். 7400 என்பது 7150 ஆகக் குறையும், அவ்வளவுதான்.

டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒட்டினாற்போல் உள்ள மீட்டர் அறையில் 6000 என்று எழுதிய எம்.சி.பி. மாட்டியிருந்தால் என்ன ஆகும் என்று இப்போது தெரிந்திருக்கும். எம்.சி.பி. துண்டிக்கும்போது அதன் உள்ளே ஒரு தீப்பொறி வில் நீளும். அதைத் துண்டு துண்டாக வெட்டிக் குளிரவைத்து அணைக்க உள்ளே தகடுகள் அடுக்கியிருக்கும். சொன்ன அளவுக்கு மேல் மின்னோட்டம் வந்தால் அந்தத் தகடுகளால் சமாளிக்க முடியாது. உறை வெடிக்கும், அல்லது உள் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் சுவிட்ச் இறங்கியது போலத் தெரியும், கரண்ட் போய்க்கொண்டே இருக்கும்.

எனக்குத் தெரிந்த ஓர் அடுக்ககத்தில் ஏசிகள் பெருகியதால் 250 கே.வி.ஏ.யை எடுத்துவிட்டு 500 வைத்தார்கள். கேபிளைப் பெரிதாக்கினார்கள். பேனலுக்குப் புதுப் பெயிண்ட்கூட அடித்தார்கள். உள்ளே இருந்த சுவிட்சுகள் பழையவைதான், 10000 ஆம்பியர் தாங்குபவை. இரு மடங்கு டிரான்ஸ்ஃபார்மர், அதே 4.5 சதவீதம் என்றால் முனையில் கிட்டத்தட்ட 14800 ஆம்பியர். 25000 ஆம்பியர் தாங்கும் எம்.சி.சி.பி. மாட்டவேண்டிய இடம் அது. ‘இதுநாள் வரை ஓடியதே’ என்று சங்கத்தில் ஒருவர் சொன்னார். ஷார்ட் ஆகாதவரை எந்த சுவிட்சும் ஓடத்தான் செய்யும்.

இனி மீட்டர் அறையிலிருந்து நாலாவது மாடிக்குப் போவோம். பழைய 250 கே.வி.ஏ.யையே வைத்துக்கொள்கிறேன். 16 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கேபிள் 50 மீட்டர். கிலோமீட்டருக்கு 1.91 ஓம், போக வர நூறு மீட்டர் என்று கணக்கிட்டால் 0.19 ஓம். வீட்டுக்குள் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 15 மீட்டர். போக வர 0.22 ஓம். ஆக, படுக்கையறை பிளக்கில் மொத்தம் சுமார் 0.41 ஓம். டிரான்ஸ்ஃபார்மரின் 34 மில்லி ஓம் இதன் முன் காணாமலே போய்விடுகிறது. 250 வோல்ட்டை வகுத்தால் 600 ஆம்பியர். கீழே 7000 இருந்தது, மேலே அறுநூறாகிவிட்டது. ஒயர் சூடாக இருக்கும்போது தடை ஐந்தில் ஒரு பங்கு கூடும் என்பதால் 500 என்று வைத்துக்கொள்வது நல்லது. C16 எம்.சி.பி. தன் அளவைப் போலப் பத்து மடங்கு, அதாவது 160 ஆம்பியர் வந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். எனவே இங்கே கவலை இல்லை.

இதை ஓரளவுக்கு நேரடியாகவே பார்க்கலாம். பிளக்கில் செருகும் வோல்ட் மீட்டர் ஒன்று போதும். 2000 வாட் கெய்சரை அதே லைனில் போடும்போது 231 காட்டிய மீட்டர் 227க்கு இறங்கினால், 8.6 ஆம்பியர் 4 வோல்ட்டைத் தின்றிருக்கிறது. நாலை 8.6ஆல் வகுத்தால் 0.47 ஓம், ஷார்ட் ஆனால் ஏறக்குறைய 500 ஆம்பியர். தெருவில் வோல்ட்டே ஏறி இறங்கும் என்பதால் நாலைந்து முறை பார்த்துச் சராசரி எடுக்கவேண்டும். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் இந்த வித்தை பலிக்காது. அங்கே கெய்சர் இறக்கும் வோல்ட் கண்ணுக்கே தெரியாது. தவிர, டிரான்ஸ்ஃபார்மரின் தடுப்பில் பெரும்பங்கு கம்பியின் தடை அல்ல, சுருளின் காந்தப்புலம் கொடுக்கும் தடுப்பு. கெய்சர் போன்ற சுமையால் அது வெளிப்படாது. அங்கே பெயர்ப்பலகையைத்தான் நம்பவேண்டும்.

இதுவரை பார்த்தது மின்னோட்டம் அதிகமாகிவிடும் ஆபத்து. எனக்கு அதைவிடப் பயம் தருவது, அது குறைந்துபோகும் இடங்கள்.

கிராமத்துக்குப் போங்கள். 100 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர், முழுச்சுமை 133 ஆம்பியர், முனையில் ஷார்ட் ஆனால் ஏறத்தாழ 3000 ஆம்பியர். அங்கிருந்து வயல் வழியாக ஒரு கிலோமீட்டர் கம்பி இழுத்து, கடைசியில் ஒரு கிணற்று மோட்டார். அந்த மெல்லிய அலுமினியக் கம்பிக்குக் கிலோமீட்டருக்கு சுமார் 0.9 ஓம் தடை. போக வர 1.8 ஓம். தூணில் விலகி விலகி ஓடும் கம்பிகளின் காந்தப்புலத் தடுப்பையும் சேர்த்தால் ஏறக்குறைய 2 ஓம். 250ஐ இரண்டால் வகுங்கள். 125 ஆம்பியர். கடைசித் தூணில் காற்றடித்து ஃபேஸ் கம்பியும் நியூட்ரலும் உரசிக்கொண்டால் பாய்வது, டிரான்ஸ்ஃபார்மர் நாள் முழுக்கச் சுமக்கும் முழுச்சுமையைவிடக் குறைவு. 100 ஆம்பியர் சுமக்கும் ஃபியூஸ் கம்பிக்கு இது ஷார்ட் சர்க்யூட்டாகவே தெரியாது. இரண்டு பம்ப்செட் கூடுதலாக ஓடுவதாகத்தான் அது எடுத்துக்கொள்ளும். ‘அடிக்கடி ஃபியூஸ் போகிறது’ என்று யாராவது இரண்டு இழை கூடுதலாகச் சுற்றிவைத்திருந்தால் சொல்லவே வேண்டாம். பொறி பறக்கும், லைன் உயிரோடுதான் இருக்கும். இதற்குத் தீர்வு கம்பியை மாற்றுவதும், பெரிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றுக்குப் பதிலாகச் சின்னச் சின்னதாகக் கிணறுகளுக்குப் பக்கத்தில் வைப்பதும்தான்.

அந்தக் கம்பி அறுந்து மண்ணில் விழுந்தால் நிலைமை இன்னும் மோசம். மின்னோட்டம் இப்போது நியூட்ரல் கம்பி வழியாகத் திரும்புவதில்லை. மண் வழியாகத் திரும்பவேண்டும். காய்ந்த மண் பல பத்து ஓம்கள் தடுப்பு கொடுக்கும். 50 ஓம் என்றால் பாய்வது 5 ஆம்பியர். எந்த ஃபியூஸும் அசையாது. ஆனால் ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே மனித இதயத்தை நிறுத்தப் போதும். வீட்டில் கிரைண்டரின் உடம்பில் கரண்ட் ஏறி, எர்த் குழி வழியாக மட்டும் திரும்பும்போதும் இதே கதைதான். C16 எம்.சி.பி. விழாது. எம்.சி.பி. இருக்கும் வீட்டிலும் ஆர்.சி.சி.பி. தனியாக வேண்டியிருப்பது இதனால்தான். 30 மில்லி ஆம்பியர் வழி தவறினாலே அது துண்டித்துவிடும்.

தெருக் கம்பத்தில் அப்படி ஒரு கருவி இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். மழைக்காலத்தில் கம்பி அறுந்து கிடப்பதைப் பார்த்தால், பொறி இல்லை, சத்தம் இல்லை, ஃபியூஸ் போயிருக்கும் என்று எண்ணிப் பக்கத்தில் போகவேண்டாம். ஆட்களையும் ஆடு மாடுகளையும் தள்ளி நிறுத்திவிட்டு, மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். லைன்மேன் வந்து டிரான்ஸ்ஃபார்மரில் நிறுத்தும்வரை அந்தக் கம்பியில் கரண்ட் இருக்கிறது.