வால் எப்போது திரும்ப வேண்டும்?

ஒரு தாளில் 10 செ.மீ. நீளமுள்ள ஊசல் ஒன்றை வரைய வேண்டும். நடுக்கோட்டிலிருந்து இடப்பக்கம் 45 பாகை சாய்ந்து ஒரு படம், வலப்பக்கம் 45 பாகை சாய்ந்து இன்னொரு படம். இரண்டுக்கும் இடையே வரும் படத்தில் குண்டு எங்கே இருக்கும்? அவசரக்காரர் இரு குண்டுகளையும் ஒரு நேர்கோட்டால் இணைத்து, அதன் நடுவில் வைத்துவிடுவார். அங்கிருந்து மேலே உள்ள ஆணிவரை அளந்தால் ஏழு செ.மீ.யைச் சற்றே தாண்டும். ஆடும் ஊசலின் கம்பி நடுவழியில் மூன்று செ.மீ. சுருங்கிவிட்டது! திரையில் ஓடவிட்டால், ஊசல் ஆடுவதற்குப் பதில் ரப்பர்போலச் சுருங்கி நீளும்.

அனிமேஷன் கூடங்களில் புதிதாகச் சேர்பவர்கள் செய்யும் பழைய பிழை இது. தோளில் தொங்கும் கையும் இடுப்பில் தொங்கும் காலும் ஊசலைப் போல ஒரு மூட்டைச் சுற்றியே திரும்புகின்றன. எனவே அவற்றின் நுனி போகும் பாதை ஒரு வளைவுதான். டிஸ்னி ஸ்டுடியோவின் மூத்த ஓவியர்கள் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-இல் வெளியிட்ட நூலில் 12 அடிப்படை விதிகளைத் தொகுத்தார்கள். வளைவுப் பாதை அவற்றில் ஒன்று. உறுப்புகள் ஒரே நேரத்தில் நகராமல் ஒன்றின் பின் ஒன்றாகத் தொடர்வது இன்னொன்று.

கணினி வந்ததும் முதல் பிழை ஒழிந்துவிட்டதா என்றால், பாதிதான். மூட்டைத் திருப்பி அசைத்தால் வளைவு தானாகவே கிடைக்கும். ஆனால் உள்ளங்கையைப் பிடித்து ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு இழுத்து வைத்தால், மென்பொருளும் அந்த அவசரக்காரரைப் போலவே நேர்கோட்டில் கொண்டுபோகும். இடையே ஒரு நிலையைச் சேர்த்துப் பாதையை வளைப்பது அனிமேட்டரின் வேலை.

இரண்டாவது விதியைப் பார்க்க ஒரு பூனை வால் போதும். பின்னாலிருந்து பார்க்கிறோம், வால் கீழ்நோக்கித் தொங்குகிறது, உள்ளே நான்கு எலும்புகள். நொடிக்கு 24 ஃபிரேம். முதல் ஃபிரேமில் ஒவ்வோர் எலும்பும் இடப்பக்கம் 20 பாகை, 25-இல் வலப்பக்கம் 20 பாகை, 49-இல் மறுபடி இடம். ஓடவிட்டால் வளைத்த கம்பி ஒன்று ஆடுவதுபோல இருக்கும். எல்லா எலும்பும் ஒரே கணத்தில் திரும்புவதுதான் காரணம்.

இப்போது இரண்டாம் எலும்பின் அசைவை மட்டும் மூன்று ஃபிரேம் தள்ளிப்போட வேண்டும். மூன்றாவதை ஆறு, நான்காவதை ஒன்பது. அடி எலும்பு 25-இல் வலக்கோடியைத் தொட்டுத் திரும்பும்போது, கடைசி எலும்பு இன்னும் வலப்பக்கமே வளைந்துகொண்டிருக்கிறது. அது தன் எல்லையைத் தொடுவது 34-இல்தான். 37-இல் அடி நேராகிவிட்டது, நுனி வலப்பக்கம் வளைந்தே கிடக்கிறது. அடுத்த சில ஃபிரேம்களில் வால் முழுவதும் ‘எஸ்’ வடிவம் எடுக்கும். அப்போதுதான் பார்ப்பவர் அதைச் சதையும் எலும்புமாக நம்புகிறார்.

இங்கே ஒரு பொறி உண்டு. தள்ளிப்போட்ட எலும்புகளுக்குத் தொடக்கத்தில் வேலை இல்லாமல் போகும். நுனி ஒன்பது ஃபிரேம் உறைந்து நின்று, பிறகு திடீரென்று கிளம்பும். அசைவுக் கோட்டை முன்னும் பின்னும் ஓயாமல் சுழலும்படி அமைத்தால் முதல் ஃபிரேமிலேயே நுனி பாதிவழியில் இருக்கும், குதிப்பு மறையும். இன்னொரு பிழை, நுனியை முந்தவைத்து அடியைப் பிந்தவைப்பது. அப்படிச் செய்தால் யாரோ நுனியைப் பிடித்து இழுத்து, வால் பின்னே வருவதுபோல ஆகிவிடும்.

தாமதம் எவ்வளவு என்பதற்குச் சூத்திரம் கிடையாது. ஒரு ஃபிரேம் என்றால் வால் விறைப்பாகத் தெரியும். ஆறு என்றால் தண்ணீருக்குள் மிதக்கும் ரிப்பன். சோதிக்க எளிய வழி, ஒவ்வொரு ஃபிரேமிலும் நுனி இருக்கும் இடத்தில் திரையின் மேலேயே மார்க்கர் பேனாவால் புள்ளி வைப்பது. சரியாக ஆடும் வாலின் புள்ளிகள் படுத்துக்கிடக்கும் எட்டு போன்ற வடிவத்தைக் காட்டும். ஓரங்களில் நெருங்கியும் நடுவில் விலகியும் இருக்கும். கோட்டைவிட்டு ஒரு புள்ளி தள்ளி நின்றால் அந்த ஃபிரேமில்தான் கண் இடறும்.

கைக்கும் இதே கணக்குத்தான்: தோள் கிளம்பும், முழங்கை தொடரும், மணிக்கட்டு அதற்குப் பின், விரல்கள் கடைசி. மூட்டுகள் இப்படி அடுத்தடுத்து மடிவதைப் பாடமாகவே சொல்லிக்கொடுத்தவர் கூஃபி பாத்திரத்துக்கு உயிரூட்டிய ஆர்ட் பாபிட்.

ஆனால் பூனையின் வால் வெறும் கயிறு அல்ல. அதற்குள் தசைகள் இருக்கின்றன. எரிச்சலடைந்த பூனை அடியை அசைக்காமல் நுனியை மட்டும் வெட்டிவெட்டி அசைக்கும். அந்தக் காட்சிக்கு மூன்று ஃபிரேம் தாமதக் கணக்கு உதவாது. நுனி எலும்புக்குத் தனியாக, நேரம் சீராக இல்லாமல், கையால்தான் அசைவு கொடுக்க வேண்டும்.