முழங்கால் அறுவைக்கு முன் 12 வாரங்கள்

டென்மார்க்கில் முழங்கால் மாற்று அறுவை சிகிச்சைக்குத் தகுதியானவர்கள் என்று எலும்பு மருத்துவர்கள் முடிவு செய்திருந்த 100 பேரை, பிசியோதெரபிஸ்ட் சோரன் ஸ்கோவும் குழுவினரும் ஓர் ஆய்வில் சேர்த்தார்கள். சராசரி வயது 66. பலருக்கு எடையும் அதிகம். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு மூட்டை மாற்றி, அதன்பின் 12 வாரச் சிகிச்சையும் கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு அறுவை இல்லை, அந்த 12 வாரச் சிகிச்சை மட்டும்தான்.

ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, அறுவையைத் தள்ளிவைத்த 50 பேரில் 13 பேர் மட்டுமே பிறகு மூட்டை மாற்றிக்கொண்டிருந்தார்கள். 2015இல் வெளிவந்த இந்த முடிவு, மூட்டுத் தேய்மானத்தோடு வாழும் ஒவ்வொரு குடும்பமும் அறிய வேண்டியது.

அந்த 12 வாரங்களில் அப்படி என்ன நடந்தது? வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் பயிற்சி. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, படி ஏறி இறங்குவது, முழங்கால் உள்பக்கம் சாயாமல் பாதத்துக்கு நேராக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே காலை மடக்குவது போன்றவைதான். எளிதாகும்போது நாற்காலியின் உயரம் குறையும், எண்ணிக்கை கூடும்.

முழங்கால் வலிக்கிறவருக்கு முதல் பயம், "நடந்தால் இன்னும் தேய்ந்துவிடுமே" என்பது. உண்மையில் நடப்பது வேறு. வலிக்குப் பயந்து அசையாமல் இருந்தால் முன்தொடைத் தசை மெலிகிறது. அது தாங்க வேண்டிய பாரமெல்லாம் மூட்டின் மேல் இறங்குகிறது. வலி கூடுகிறது, நடை இன்னும் குறைகிறது. குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் கிடையாது. மூட்டு அசைந்து, அழுந்தி, விடுபடும்போதுதான் மூட்டு நீரிலிருந்து அதற்குச் சத்து போய்ச் சேர்கிறது. பயிற்சியால் தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளராது. தசை வளரும், வலி குறையும்.

எவ்வளவு வலி வரலாம் என்பதற்கு அந்தப் பயிற்சியில் ஓர் அளவு இருக்கிறது. வலியே இல்லாவிட்டால் 0, தாங்கவே முடியாவிட்டால் 10 என்று வைத்துக்கொண்டால், பயிற்சியின்போது 5 வரை வரலாம். ஆனால் மறுநாளைக்குள் அது பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை, அடுத்த முறை அளவைக் குறைத்தால் போதும். வீக்கமும் சூடும் தொடர்ந்தால், காய்ச்சல் வந்தால், அல்லது மூட்டு பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனால் அது வேறு விஷயம். உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

எடை கூடியவர்களுக்கு உணவு ஆலோசனையும் சேர்ந்தே நடந்தது. உடல் எடையில் 5 சதவீதத்தையாவது குறைப்பது இலக்கு. 80 கிலோ எடையுள்ள ஒரு பாட்டிக்கு இது 4 கிலோ. கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றும். ஆனால் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்கால் சுமக்கும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என்று அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படியானால் அந்தப் பாட்டி ஒவ்வோர் அடியிலும் 16 கிலோவை இறக்கி வைக்கிறார். அதே பல்கலைக்கழகம் 2013இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டையும் உடற்பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்கள் 18 மாதங்களில் சராசரியாக 10 கிலோவுக்கு மேல் இளைத்தார்கள். அவர்களுடைய வலி ஏறத்தாழப் பாதியானது. பயிற்சி மட்டும் செய்தவர்கள் இளைத்தது 2 கிலோவுக்கும் குறைவு. எடையை இறக்கும் வேலையைப் பெரும்பாலும் சாப்பாட்டுத் தட்டுதான் செய்கிறது.

இதையெல்லாம் வைத்து அறுவை வீண் என்று சொல்லிவிட முடியாது. டென்மார்க் ஆய்வில் மூட்டை மாற்றிக்கொண்டவர்களுக்குக் கிடைத்த முன்னேற்றம், மற்றவர்களுக்குக் கிடைத்ததைப் போல இரு மடங்கு. அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் உண்டு. கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறைவது, கிருமித் தொற்று, மடக்க முடியாத விறைப்பு என்று கடுமையான பாதிப்புகள் அறுவைக் குழுவில் 24, மற்றக் குழுவில் 6. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. மிகக் கடுமையான வலியில் இருந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. ஆகவே, வலியால் துடிப்பவரிடம் போய் இந்த ஆய்வைக் காட்டிக் காத்திருக்கச் சொல்வது நியாயமில்லை.

அப்படியானால் எப்போது மாற்றுவது? எக்ஸ்ரே மட்டும் அதைச் சொல்லாது. படத்தில் எலும்போடு எலும்பு உரசுகிற சிலர் சந்தைக்கு நடந்து போய் வருகிறார்கள். படம் அவ்வளவு மோசமில்லாத சிலர் படி இறங்கத் தடுமாறுகிறார்கள். எக்ஸ்ரேயில் தேய்மானம் முற்றியிருக்க வேண்டும். அதோடு, ஒழுங்காகச் சில மாதம் பயிற்சி செய்தும், எடை குறைத்தும், மாத்திரை எடுத்தும் வலி அடங்காமல் இருக்க வேண்டும். இரவில் தூக்கம் கெடுவது, கடைக்கும் கோயிலுக்கும் போக முடியாமல் வீட்டுக்குள் முடங்குவது, கால் வளைந்துகொண்டே போவது ஆகியவை அறுவையைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டதன் அடையாளங்கள். வயது மட்டுமே தடையில்லை. சர்க்கரையும் இதயமும் கட்டுக்குள் இருக்கின்றனவா என்பதுதான் முக்கியம்.

புது மூட்டைப் பொருத்தியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் முழுத் திருப்தி அடைவதில்லை என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. தரையில் சம்மணமிட்டு உட்காருவதையும் குந்துவதையும் பெரும்பாலான மருத்துவர்கள் தவிர்க்கச் சொல்வார்கள். நம் வீடுகளில் இதற்கு அறுவைக்கு முன்பே ஏற்பாடு வேண்டும். குந்தும் கழிப்பறையை மேற்கத்திய முறைக்கு மாற்றுவது, பக்கத்துச் சுவரில் பிடிமானக் கம்பி பொருத்துவது, சற்று உயரமான நாற்காலி வாங்குவது. அறுவைத் தேதி கிடைத்த பிறகும் தொடைப் பயிற்சியை விடாமல் செய்ய வேண்டும். மருத்துவமனையில் வாக்கரைப் பிடித்து முதல் அடி வைக்கும்போது உடலைத் தாங்கப் போவது அந்தத் தசைதான்.