கோழிக்கறியைக் கழுவினால் கிருமி எங்கே போகிறது?

கோழிக்கறியைக் கழுவாமல் சமைக்கலாம் என்று சொன்னால் நம் வீடுகளில் முகம் சுளிக்காதவர்கள் குறைவு. கடையிலிருந்து வந்த கறியைக் குழாயடியில் பிடித்து, மஞ்சள்தூளும் கல்லுப்பும் போட்டுப் பிசைந்து, தண்ணீர் தெளியும்வரை மூன்று நான்கு முறை அலசினால்தான் பலருக்கு மனசு ஆறும். அந்த அலசலில் ரத்தமும் எலும்புத் துணுக்கும் போவது உண்மைதான். கிருமிகளில் பெரும்பங்கு கறியிலேயே தங்கிவிடுகிறது. கழன்று வருகிற கொஞ்சம், சிங்க்கிலும் மேடையிலும் குடியேறுகிறது.

அப்படிக் குடியேறுவதை நேரிலேயே பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்க வேளாண்மைத் துறைக்காக வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் நடத்திய அதன் முடிவுகள் 2019-ல் வெளியாயின. சோதனைச் சமையலறைகளில் 300 பேரைக் கோழித்தொடை சமைக்கச் சொன்னார்கள். கூடவே பச்சைக் கீரையில் சாலட்டும் செய்ய வேண்டும். நோய் தராத ஒரு வகை ஈ.கோலை பாக்டீரியாவைக் கறியில் முன்கூட்டியே தடவியிருந்தார்கள். சமையல் முடிந்ததும் அந்த பாக்டீரியா எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறது என்று தேடினார்கள்.

கறியைக் கழுவியவர்களில் 60 சதவீதம் பேரின் சிங்க்கில் அது இருந்தது. சிங்க்கைச் சுத்தம் செய்த பிறகும் 14 சதவீதம் பேரிடம் போகவில்லை. எல்லாவற்றையும்விடக் கவலை தருவது சாலட்தான்: கழுவியவர்களில் 26 சதவீதம் பேரின் சாலட் கீரையில் கோழியின் பாக்டீரியா ஏறியிருந்தது. கறி அடுப்பில் வேகும், அதிலிருக்கும் கிருமி சாகும். சாலட் வேகாது. நம் வீட்டில் அந்த இடத்தில் இருப்பது பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் வெங்காயப் பச்சடியும், கடைசியில் தூவும் கொத்தமல்லியும்.

தண்ணீர் ஏன் இப்படிச் சிதறுகிறது என்பதை 2022-ல் வந்த ஓர் இயற்பியல் ஆய்வு விளக்கியது. ஆய்வாளர்கள் குழாய்க்கடியில் கோழியை வைத்து, தெறிக்கும் துளிகளைச் சுற்றிலும் வைத்த தட்டுகளில் பிடித்து, அவற்றில் பாக்டீரியா வளர்கிறதா என்று பார்த்தார்கள். வளர்ந்தது. குழாய் உயரமாக இருந்தால் தெறிப்பும் கூடுகிறது. கறியின் மென்மையும் ஒரு காரணம். விழும் தண்ணீர் சதையில் சின்னக் குழியை உண்டாக்குகிறது. கழுவும்போது கரண்டிக் குழியில் விழுந்த தண்ணீர் சட்டையை நனைப்பதுபோல, அந்தக் குழியில் விழும் தண்ணீரும் எகிறி வெளியே பாய்கிறது. பெரிய துளிகளைத்தான் கண் பார்க்கிறது, கை துடைக்கிறது. பொடித்துளிகள் பக்கத்திலிருக்கும் தட்டிலும் தக்காளியிலும் விழுந்தது யாருக்கும் தெரிவதில்லை.

கோழியில் பொதுவாக இருப்பவை சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் என்ற இரண்டும். வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் இவற்றின் வேலை. கேம்பிலோபாக்டர் சில நூறு உள்ளே போனாலே ஆளைப் படுக்கவைக்கப் போதும். ஒரு பொடித்துளியை அலட்சியப்படுத்த முடியாதது அதனால்தான். இவை தோலின் இறகுக் குழிகளிலும் சதை இடுக்குகளிலும் ஒட்டிக்கொள்கின்றன. குழாய்த் தண்ணீர் அவற்றைப் பெயர்த்தெடுக்காது. மஞ்சளும் உப்பும் வாடையைக் குறைக்கலாம். பத்து நிமிட ஊறலில் கிருமியைக் கொன்றுவிடும் என்று நம்பக் கூடாது. கொல்வது சூடு. கறியின் மிகத் தடித்த பகுதிக்குள் 74 டிகிரி செல்சியஸ் எட்டினால் கதை முடிந்தது. நன்றாகக் கொதிக்கும் குழம்பில் துண்டுகள் உள்வரை வெந்தால் இந்தச் சூட்டைத் தாண்டிவிடும். முழுத் தொடையைப் பொரிக்கும்போதுதான் மேலே சிவந்து எலும்போரம் வேகாமல் நிற்கும் ஆபத்து.

கழுவாமல் விட்டால் மட்டும் தப்பித்துவிடலாம் என்பதும் இல்லை. அதே 2019 ஆய்வில், கழுவாதவர்களிலும் 31 சதவீதம் பேரின் சாலட்டில் பாக்டீரியா இருந்தது. கறியைத் தொட்ட கையைச் சரியாகக் கழுவாதது அதற்கு முக்கியமான காரணம். பச்சையாகச் சாப்பிடும் காய்களை முதலில் நறுக்கி மூடி வைத்துவிட்டு, கறியைக் கடைசியில் எடுப்பதே நல்ல வரிசை. பிறகு கைக்கு 20 வினாடி சோப்பு. கத்திக்கும் பலகைக்கும் அப்படியே.

ஆனால் நம் ஊர்க் கறிக்கடையில் கண்முன்னே உரித்து வெட்டித் தரும் கோழியில் ரத்தக்கட்டும் இறகும் எலும்புத் துணுக்கும் ஒட்டியிருக்கும். அவற்றை டிஷ்யூ தாளால் ஒற்றி எடுத்து, தாளை உடனே குப்பையில் போட்டுவிடலாம். தண்ணீர் விட்டே தீர வேண்டும் என்பவர்கள், குழாயடியில் பிடிக்காமல் ஆழமான பாத்திரத்தில் பாதியளவு தண்ணீர் எடுத்து, கறியை மெல்ல இறக்கி, தண்ணீருக்குள்ளேயே அலசி, சிங்க்கின் ஓட்டையோரம் சாய்த்து ஊற்றலாம். அதற்குமுன் அருகிலிருக்கும் பாத்திரங்களையும் காய்களையும் அப்புறப்படுத்த வேண்டும். ஊற்றி முடித்ததும் சிங்க், குழாய்த் திருகு, மேடை மூன்றையும் சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்து, கிருமிநாசினியால் துடைத்த பிறகே அடுத்த பாத்திரம் அங்கே வைக்கலாம். குழாய்த் திருகைத்தான் பெரும்பாலும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்; கறி பிசைந்த கை முதலில் தொடுவது அதைத்தான்.