பி.காம் + பேங்க் வேலை... எம்.ஏ எக்கனாமிக்ஸ் எஸ்.ஓ.பி-யில் என்ன எழுதணும்?

பி.காம் முடிச்சு, மூணு வருஷம் பேங்க்ல வேலை பார்த்துட்டு, எம்.ஏ எக்கனாமிக்ஸுக்கு விண்ணப்பிக்கிறீங்களா? உங்க எஸ்.ஓ.பி-யைப் படிக்கிற பேராசிரியருக்கு ரெண்டு சந்தேகம் வரும். 'இவர் ஏன் எம்.பி.ஏ-வுக்குப் போகல?', 'கணக்கு தாங்குவாரா?' இந்த ரெண்டுக்கும் பதில் சொல்றதுதான் எஸ்.ஓ.பி-யோட வேலை.

முதல் சந்தேகத்துக்கு வருவோம். 'வங்கிப் பணி எனக்குப் பொறுமையையும் குழுவாகச் செயல்படுவதையும் கற்றுத்தந்தது' என்று பலர் எழுதுகிறார்கள். இது எம்.பி.ஏ விண்ணப்பத்துக்கும் அப்படியே பொருந்தும். எக்கனாமிக்ஸ் துறை எதிர்பார்ப்பது, நீங்க கவுன்ட்டர்ல பார்த்த ஒரு விஷயத்திலிருந்து பிறந்த கேள்வி.

உதாரணத்துக்கு, நீங்க வீட்டுக்கடன் பிரிவில் இருந்தீங்கன்னு வச்சுப்போம். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4 சதவிகிதத்திலிருந்து 6.5 சதவிகிதமாக உயர்த்தியது. 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் தந்த ஃப்ளோட்டிங் வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைந்தவை. அவற்றின் வட்டி மூணு மாசத்துக்கு ஒருமுறையாவது மாறும். பழைய எம்.சி.எல்.ஆர் கடன்களில் பலருக்கு வருஷத்துக்கு ஒருமுறைதான் மாறும். புதுக் கடன்காரர்கள் 'கொஞ்சம் முன்கூட்டியே கட்டிடலாமா?' என்று கேட்டு வந்தாங்க, பழையவர்கள் அவ்வளவாக வரலை. இதை நீங்க கவனிச்சிருந்தா, அதுதான் உங்க முதல் பத்தி.

ஆனா, 'வட்டி வேகமா ஏறினதால்தான் வந்தாங்க' என்று முடிச்சிடாதீங்க. புதுக் கடன்காரர்களுக்கு பாக்கி அசலும் அதிகம். காரணம் வட்டியா, பாக்கித் தொகையா? ஒரு கிளையில் பார்த்ததை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. 'இதைப் பிரித்துப் பார்க்கும் எக்கனாமெட்ரிக்ஸ் கருவிகள் என்னிடம் இல்லை. அவற்றைக் கற்கவே வருகிறேன்' என்று எழுதுங்க. ஏன் எம்.பி.ஏ இல்லை என்பதற்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. வாடிக்கையாளர் பெயர், கணக்கு விவரம் மட்டும் எங்கேயும் வரக் கூடாது.

அடுத்து கணக்கு. பி.காம்-ல படிச்ச பிசினஸ் மேத்ஸ் பெரும்பாலும் போதாது. பல மாறிகள் கொண்ட கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா, நிகழ்தகவு தேவைப்படும். இந்த இடைவெளியை மறைச்சா மார்க்‌ஷீட் காட்டிக்கொடுத்துடும். அதனால நீங்களே சொல்லிடுங்க, கூடவே என்ன செஞ்சீங்கன்னும் சொல்லுங்க. ஸ்வயம், என்.பி.டி.இ.எல் தளங்களில் ஒரு பாடத்தை எடுத்து, நேரில் போய்த் தேர்வு எழுதி வாங்கிய மதிப்பெண்ணைக் குறிப்பிடலாம். 'கணக்கில் ஆர்வம் அதிகம்' என்ற வரியைவிட அந்த எண்ணுக்கு மதிப்பு அதிகம்.

எழுதி முடிச்சதும் ஒரு சோதனை. 'எக்கனாமிக்ஸ்' என்ற சொல் வரும் இடத்திலெல்லாம் 'எம்.பி.ஏ' என்று மாற்றிப் படிங்க. அப்பவும் சரியா இருந்தா, முதல் பத்தியிலிருந்து திரும்ப எழுதணும்!