வேலைவாய்ப்பு முகாமுக்குக் கிளம்பும் முன்

முகாமுக்கு நூறு கம்பெனி வருகிறது என்று நோட்டீஸில் பார்க்கிறீர்கள். எல்லா மேசையிலும் பயோடேட்டா கொடுத்துவிட்டு வரலாமே என்று தோன்றும். ஆனால் வரிசையில் நிற்பதிலேயே பொழுது போய்விடும். நான்கைந்து பேரிடம் உருப்படியாகப் பேசத்தான் ஒரு நாள் போதும். அவர்கள் யார் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள்.

பெயர் தெரியாத நிறுவனத்தை எப்படி எடைபோடுவது? வருங்கால வைப்பு நிதி அமைப்பின் இணையதளத்தில் Establishment Search என்ற பகுதி இருக்கிறது. யாரும் பார்க்கலாம், கட்டணம் இல்லை. நிறுவனத்தின் பெயரைக் கொடுத்தால், எந்த மாதம் எத்தனை ஊழியர்களுக்கு பி.எஃப். (சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் சேமிப்பு) கட்டியிருக்கிறார்கள் என்பது தெரியும்.

அதில் என்ன பார்க்க வேண்டும்? "200 காலியிடம்" என்று விளம்பரம் செய்த நிறுவனம் 14 பேருக்குத்தான் பி.எஃப். கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 200 பேரும் அதன் ஊழியர்களாக இருக்க வாய்ப்பு குறைவு. அது வேறு கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியாகவோ, கமிஷன் விற்பனைக்கு ஆள் சேர்ப்பதாகவோ இருக்கலாம். சில மாதங்கள் கட்டாமல் விட்டிருந்தால், சம்பளமும் தாமதமாகுமோ என்று யோசியுங்கள்.

தேடியும் பெயர் வரவில்லையா? உடனே மோசடி என்று நினைக்க வேண்டாம். 20 பேருக்குக் குறைவாக உள்ள இடத்துக்கு பி.எஃப். பொதுவாகக் கட்டாயமில்லை. கடைப் பெயர் ஒன்றாகவும் பதிவுப் பெயர் வேறாகவும் இருக்கலாம். நோட்டீஸில் உள்ள எண்ணை அழைத்து, "ஆஃபர் லெட்டர் எந்தப் பெயரில் வரும்? சம்பளம் போடுவது யார்?" என்று கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். வாக்-இன் (நேரில் போய்க் கலந்துகொள்ளும் நேர்காணல்) என்றால் இந்தப் போன் இன்னும் அவசியம். ஒரே கம்பெனிக்காக பஸ் ஏறிப் போகிறீர்கள்.

சம்பளத்தையும் அப்போதே கேட்கலாமா? தாராளமாக. 18,000 ரூபாய் என்றால் அது சி.டி.சி.யா (உங்களுக்காக நிறுவனம் செலவிடும் மொத்தம்), கையில் வருவதா என்று கேளுங்கள். சி.டி.சி. என்றால், நிறுவனம் கட்டும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. (மருத்துவக் காப்பீடு) பங்குகள் போக மாதச் சம்பளம் சுமார் 16,000. அதில் அடிப்படைச் சம்பளம் 12,000 என்றால் உங்கள் பி.எஃப். பங்கு 1,440, இ.எஸ்.ஐ. 120. கைக்கு வருவது 14,440 ரூபாய். வெளியூர் வேலையானால் இதிலிருந்துதான் அறை வாடகையும் சாப்பாடும். ஹாஸ்டல், பஸ் வசதி தருகிறார்களா என்பதையும் அதே போனில் கேட்டுவிட்டால், போவதா வேண்டாமா என்பது பாதி தெளிவாகிவிடும்.

பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், சீருடைக்கான முன்பணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அங்கே போகாதீர்கள். சான்றிதழ்களின் நகலை மட்டும் கொடுங்கள். அசலைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.