வணிகக் கட்டடத்தின் உச்சத் தேவைக் குறைப்பும் மின்கலத் தொகுதியின் கொள்ளளவும்

முன்னுரை

தமிழ்நாட்டில் உயர் அழுத்த வணிக நுகர்வோர், பயன்படுத்திய யூனிட்டுகளுக்கு மட்டுமன்றி மாதத்தின் உச்சத் தேவைக்கும் கட்டணம் செலுத்துகின்றனர். 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த வீதப்படி அது ஒரு கிலோவோல்ட் ஆம்பியருக்கு மாதம் 550 ரூபாய். ஒரு யூனிட் 8.50 ரூபாய். வீதங்கள் பின்னர் உயர்ந்தாலும் கணக்கிடும் முறை அதுவே. மின்கலத் தொகுதியால் இத்தேவையைக் குறைக்க எவ்வளவு கொள்ளளவு வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கொள்ளளவுக் கணக்கீடு

இராசபாளையத்திலோ திருவில்லிபுத்தூரிலோ உள்ள ஒரு ஜவுளிக் கட்டடத்தைக் கற்பனையாகக் கொள்வோம். ஒப்பந்தத் தேவை 200 கிலோவோல்ட் ஆம்பியர். திறன் காரணி ஏறத்தாழ ஒன்று. மாலை 6 முதல் 7 வரை 170, பின்னர் 8.30 வரை 200, 9.30 வரை 180 கிலோவாட் சுமை உள்ளது. இலக்கு 160 எனில், மின்கலம் தர வேண்டிய திறன் 40 கிலோவாட். ஆற்றல் 10, 60, 20 எனக் கூடி 90 யூனிட்டாகும்.

இறக்கத்தில் 93 விழுக்காடு திறனே கிட்டுவதாகக் கொண்டால், கலங்களிலிருந்து 97 யூனிட் வெளியேற வேண்டும். 80 விழுக்காடு ஆழம் வரையே இறக்குவதாயின் 121 யூனிட் தேவை. ஆயுள் முடிவில் கொள்ளளவு 80 விழுக்காடாகக் குறையுமாதலால் தொடக்கத்தில் ஏறத்தாழ 151 யூனிட் வேண்டும். 90 யூனிட் தொகுதியை வாங்குவோர் முதல் நாளிலேயே இலக்கைத் தவறுவர். கணக்கிற்குச் சராசரி நாளை எடுத்தலும் பிழையே. ஆடிப்பூரம் போன்ற திருவிழாக் கூட்ட நாளில் ஒருமுறை இலக்கு மீறினாலும் அம்மாதச் சேமிப்பு பெரிதும் குறைந்துவிடும்.

மின்னேற்ற அட்டவணையும் இழப்பும்

ஏற்றத்திலும் 93 விழுக்காடு எனில், 104 யூனிட் உள்வாங்கி 90 யூனிட் திரும்பப் பெறுகிறோம். சுற்றுத் திறன் ஏறத்தாழ 86.5 விழுக்காடு. இரவு 10 முதல் காலை 5 வரை மின்னேற்றினால் 15 கிலோவாட் போதும். அந்நேரத்தில் 5 விழுக்காடு தள்ளுபடியும் உண்டு. பிற்பகலில் 150 கிலோவாட் சுமையின்மீது ஏற்றினால் 165 ஆகிப் புதிய உச்சம் தோன்றும்.

மாலை உச்ச நேரத்தில் யூனிட்டுக்கு 25 விழுக்காடு கூடுதலாகி 10.63 ரூபாய், இரவில் 8.08 ரூபாய். இரண்டின் விகிதம் 76 விழுக்காடு. சுற்றுத் திறன் இதற்குக் கீழே இறங்கினால் ஆற்றல் கணக்கில் நட்டமே. குளிரூட்டல், கட்டுப்பாட்டுக் கருவிகள் உண்ணும் மின்சாரத்தையும் சேர்த்து, உள்வரும் மின்சாரத்தையும் வெளிவரும் மின்சாரத்தையும் தனி மீட்டர்களில் மாதந்தோறும் ஒப்பிட்டால் இச்சரிவு தெரியவரும்.

ஒப்பந்தத் தேவையின் இடம்

பதிவான உச்சம், ஒப்பந்தத் தேவையின் 90 விழுக்காடு ஆகியவற்றுள் பெரியதற்கே கட்டணம். ஆகவே பதிவு 160 ஆகியும் ஒப்பந்தம் 200 ஆகவே நீடித்தால் 180க்குக் கட்ட வேண்டும். மாதச் சேமிப்பு 11,000 ரூபாய் மட்டுமே. ஒப்பந்தத்தை 177 ஆகக் குறைத்தால் அது 22,000 ஆகும்.

முடிவுரை

ஆகவே சேமிப்பின் பெரும்பகுதி தேவைக் கட்டணத்திலேயே உள்ளது. ஆற்றல் விலை வேறுபாடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 116 ரூபாயே தருகிறது. ஒப்பந்தத் தேவையை மாற்றாமல் மின்கலத்தை மட்டும் நிறுவுதல் பயனைப் பாதியாக்கும்.