வட்டியைத்தான் எடுத்தேன், முதலைத் தொடவில்லை!

பத்தாங் பெர்ஜுந்தை என்றால்தான் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் புரியும். பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிப் பல ஆண்டுகள் ஆகியும் அவர்கள் வாயில் அந்தப் பெயர் வருவதில்லை. 1917இல் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அமைந்த தென்னமரம் தோட்டம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அதற்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், முதலில் பால்மரத்திலும் பிறகு செம்பனையிலும் உழைத்தவர் என் பெரியப்பா. 2012ஆம் ஆண்டின் இறுதியில் 55 வயதில் ஓய்வு பெற்று, இப்போது புக்கிட் ரோத்தானில் மகனோடு இருக்கிறார்.

ஓய்வு பெற்றபோது அவருடைய ஊழியர் சேமநிதிக் கணக்கில் 40,000 வெள்ளி இருந்தது. அதை அப்படியே எடுத்து ஒரு வங்கியில் நிரந்தர வைப்பில் போட்டார். கார் வாங்கவில்லை, யாருக்கும் கைமாற்று கொடுக்கவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வட்டியை மட்டும் எடுத்துச் செலவழிப்பார். சென்ற தீபாவளிக்குப் போயிருந்தபோது அவர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

“தம்பி, முதல நான் தொடவே இல்லப்பா. அதே நாப்பதாயிரம் அப்படியே இருக்கு. ஆனா முன்ன மாதிரி அந்த வட்டி கட்டுப்படியாக மாட்டேங்குதே, ஏன்?”

நான் கணக்காளர் வேலை பார்ப்பவன். பதில் எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்வதுதான் சிரமமாக இருந்தது. வங்கிப் புத்தகத்தில் முதல் குறையவில்லை. ஆனால் ஆண்டுதோறும் அவர் செலவழித்ததில் பெரும்பகுதி முதல்தான்.

நாற்பதாயிரம் எங்கே போனது?

பெரியப்பா ஓய்வு பெற்ற நாட்களில் ஒரு ரொட்டி சானாய் ஒரு வெள்ளிக்குக் கிடைத்தது. இப்போது அவர் போகும் கடையில் ஒன்றரை வெள்ளி. ஒரு பொருளின் விலையை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது என்பதால்தான் புள்ளிவிவர இலாகா நூற்றுக்கணக்கான பொருள்களையும் சேவைகளையும் ஒரே கூடையாகச் சேர்த்துப் பயனீட்டாளர் விலைக் குறியீட்டைக் கணக்கிடுகிறது. 2013 முதல் 2024 வரை அந்தக் குறியீடு ஏறியதை ஒவ்வோர் ஆண்டாகப் பெருக்கிப் பார்த்தேன். மொத்தம் சுமார் 26 விழுக்காடு. அதாவது 2012இல் 100 வெள்ளிக்கு வாங்கிய அதே கூடைக்கு 2024இல் 126 வெள்ளி வேண்டும்.

இப்போது 40,000ஐ 1.26ஆல் வகுத்துப் பாருங்கள். 31,700 வெள்ளி வரும். வங்கிப் புத்தகத்தில் இருக்கும் 40,000 வெள்ளி, 2012ஆம் ஆண்டின் 31,700 வெள்ளிக்கு வாங்கக்கூடியதைத்தான் இன்று வாங்கும். முதலில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கிறது. இதே வேகத்தில் இன்னும் 12 ஆண்டுகள் போனால், பெரியப்பாவுக்கு 80 வயதை நெருங்கும்போது, அது 25,000 வெள்ளியின் மதிப்புக்கு இறங்கிவிடும். மருந்துச் செலவு அதிகமாகும் வயது அது.

கணக்கை எளிதாக்க அவருடைய வட்டியை ஆண்டுக்கு 3 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,200 வெள்ளி, மாதத்துக்கு 100 வெள்ளி. அதே காலத்தில் விலைவாசி சராசரியாக ஆண்டுக்கு 2 விழுக்காடு ஏறியிருக்கிறது. முதலின் வாங்கும் சக்தி குறையாமல் இருக்க வேண்டுமானால், வட்டியிலிருந்து 800 வெள்ளியை ஒவ்வோர் ஆண்டும் கணக்கிலேயே விட்டிருக்க வேண்டும். மிச்சம் 400 வெள்ளி, மாதம் 33 வெள்ளி. அதுதான் அவருடைய பணம் உண்மையில் சம்பாதித்துக் கொடுத்தது. இதைத்தான் உண்மை வருமானம் என்கிறோம். அறிவிக்கப்படும் வட்டி விகிதம் பெயரளவு வருமானம்.

கழித்தால் போதுமா?

வட்டியிலிருந்து பணவீக்கத்தைக் கழித்தால் உண்மை வருமானம் வந்துவிடும் என்று பலரும் சொல்வார்கள். இரண்டு எண்களும் சிறியவையாக இருந்தால் அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பெரியவையாக இருந்தால் பிசகும். அதற்கு எடுத்துக்காட்டு எங்கள் பாட்டியின் காலத்திலேயே இருக்கிறது.

1973 அக்டோபரில் மத்திய கிழக்கில் போர் மூண்டு எண்ணெய் விலை பல மடங்கு ஏறியது. உலகமெங்கும் உணவு விலையும் கூடவே ஏறியது. மலேசியாவில் 1974ஆம் ஆண்டின் பணவீக்கம் 17.3 விழுக்காடு. பெரியப்பாவுக்கு அப்போது 17 வயது. அரிசி விலை ஏறிய அந்த நாட்களில் லயத்து வீடுகளில் மரவள்ளிக்கிழங்கு அதிகம் வெந்தது அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்த ஆண்டின் கடைசியில்தான் கெடா, பாலிங்கில் ரப்பர் விலை வீழ்ச்சியையும் விலைவாசியையும் எதிர்த்து மக்கள் திரண்டார்கள்.

அதே 1974இல் ஊழியர் சேமநிதி கொடுத்த லாப ஈவு 6.60 விழுக்காடு. முந்திய ஆண்டின் 5.85ஐவிட அதிகம். கணக்கு அறிக்கையைப் பார்த்தவர்களுக்குப் பணம் வளர்ந்ததாகவே தெரிந்திருக்கும்.

பாட்டியின் கணக்கில் 100 வெள்ளி இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முடிவில் அது 106 வெள்ளி 60 காசு ஆகிறது. ஆனால் 100 வெள்ளிக்கு வாங்கிய பொருள்கள் இப்போது 117 வெள்ளி 30 காசு. 106.60ஐ 117.30ஆல் வகுத்தால் 0.909. அதாவது அவருடைய 100 வெள்ளி, பழைய விலையில் 90 வெள்ளி 90 காசுக்குச் சமம். உண்மை வருமானம் 9.1 விழுக்காடு நட்டம். வெறுமனே கழித்திருந்தால் 10.7 என்று தப்பான விடை வந்திருக்கும். வட்டியும் விலை ஏறிய பணத்தில்தான் வருகிறது என்பதால்தான் இந்த வேறுபாடு. ஆகவே கழிப்பதைவிட வகுப்பதே சரியான முறை. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் இர்விங் ஃபிஷரின் பெயரோடு இணைத்துச் சொல்லப்படும் கணக்கும் இதுவே.

அதிகம் கொடுத்த ஆண்டு எது?

2017ஆம் ஆண்டுக்குச் சேமநிதி 6.90 விழுக்காடு லாப ஈவு அறிவித்தபோது எல்லாருக்கும் மகிழ்ச்சி. 1996க்குப் பிறகு அதுவே மிக உயர்ந்தது. 2020க்கு 5.20 என்று அறிவித்தபோது முகம் சுளித்தோம். 2008க்குப் பிறகு அதுவே மிகக் குறைந்தது.

விலைவாசியால் வகுத்துப் பார்த்தால் கதை தலைகீழாகிறது. 2017இல் பெட்ரோல் விலை ஏறியதால் பணவீக்கம் 4 விழுக்காட்டை நெருங்கியது. உண்மை வருமானம் சுமார் 3 விழுக்காடுதான். 2020இல் கோவிட் காலத்துப் பெட்ரோல் விலை வீழ்ச்சியாலும் மின்கட்டணக் கழிவாலும் குறியீடு ஒரு விழுக்காட்டுக்கும் சற்று அதிகமாக இறங்கியது. உண்மை வருமானம் 6 விழுக்காட்டைத் தாண்டியது. நாம் குறைபட்டுக்கொண்ட ஆண்டு, கொண்டாடிய ஆண்டைப்போல் இரு மடங்கு கொடுத்திருக்கிறது.

சேமநிதி வாரியமும் தன்னை இப்படித்தான் அளந்துகொள்கிறது. மூன்றாண்டுச் சராசரியில் பணவீக்கத்துக்கு மேல் குறைந்தது 2 விழுக்காடு கொடுப்பது அதன் இலக்கு. 2022, 2023, 2024 ஆகிய ஆண்டுகளின் லாப ஈவு 5.35, 5.50, 6.30. பணவீக்கத்தால் வகுத்தால் சராசரியாக 3 விழுக்காட்டுக்குச் சற்று அதிகம். ஆனால் வழக்கமான சேமிப்புக்குச் சட்டப்படி உறுதியளிக்கப்படுவது பெயரளவில் 2.5 விழுக்காடு மட்டுமே. இலக்கு வேறு, உத்தரவாதம் வேறு.

உங்கள் வீட்டுக் கூடை

இங்கே பெரியப்பா குறுக்கிட்டார். “அது அரசாங்கக் கணக்குப்பா. நான் பெட்ரோலா குடிக்கிறேன்?”

நியாயமான கேள்வி. அவரிடம் கார் இல்லை. 2020இல் பெட்ரோல் மலிந்ததால் அவருக்கு அதிகம் கிடைக்கவில்லை. குறியீட்டில் உணவின் பங்கு சுமார் 30 விழுக்காடு. பெரியப்பாவின் செலவிலோ ஏறக்குறைய பாதி சாப்பாட்டுக்குத்தான் போகிறது. 2022இல் பொதுவான பணவீக்கம் 3.3 விழுக்காடு, உணவு விலை ஏற்றம் மட்டும் 5.8. பாதிச் செலவு உணவுக்கு என்று வைத்து மறுபடி கணக்கிட்டால் அவருடைய பணவீக்கம் சுமார் 4 விழுக்காடு ஆகிறது. 3 விழுக்காடு வட்டி வாங்கியவருக்கும் அந்த ஆண்டு நட்டமே. 2020, 2021இல் பொதுவாக வைப்பு வட்டி 3 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்கு இதைப் பார்க்கப் பெரிய கணிதம் தேவையில்லை. சென்ற ஆண்டு ஒரு மாதம் செய்த செலவை எடுத்துக்கொள்ளுங்கள். அதே பொருள்களை, அதே அளவில் இன்று வாங்கினால் எவ்வளவு என்று எழுதுங்கள். புதிதாகச் சேர்ந்த செலவைச் சேர்க்காதீர்கள். அது வாழ்க்கைமுறை மாற்றம், விலையேற்றம் அல்ல. இன்றைய தொகையைப் பழைய தொகையால் வகுத்தால் உங்கள் பணவீக்கம் தெரிந்துவிடும். ஓர் ஆண்டை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் மூன்று நான்கு ஆண்டுகள் குறித்து வையுங்கள்.

விட்டுவைத்திருந்தால்?

கடைசியில் பெரியப்பா கேட்கக்கூடாது என்று நான் நினைத்ததையே கேட்டார். எடுக்காமல் சேமநிதியிலேயே விட்டிருந்தால்? 55 வயதில் எல்லாவற்றையும் எடுத்தே ஆகவேண்டும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அப்படியொரு கட்டாயம் கிடையாது. இப்போது 100 வயது வரை விட்டு வைக்கலாம், வேண்டியபோது கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம்.

ஒன்றுமே எடுக்காமல் விட்டிருந்தால் 2024 முடிவில் 80,000 வெள்ளியைத் தாண்டியிருக்கும். 2012இன் மதிப்பில் அது சுமார் 63,700. ஆனால் அவர் ஆண்டுதோறும் எடுத்துச் சாப்பிட்டவர் என்பதால் இதை நேராக ஒப்பிடக்கூடாது. அவருக்குப் பொருந்தும் ஒப்பீடு வேறு. அந்த 12 ஆண்டுகளில் சேமநிதியின் உண்மை வருமானம் சராசரியாக ஆண்டுக்கு சுமார் 4 விழுக்காடு. 2012இன் விலையில் பார்த்தால், முதலின் மதிப்பு குறையாமலே ஆண்டுக்கு 1,500 வெள்ளிக்கு மேல் எடுத்திருக்கலாம். அவர் எடுத்த 1,200ஐவிட அது அதிகம். அதிலும் அந்த 1,200 வெள்ளி ஆண்டுக்கு ஆண்டு குறைவாகவே வாங்கியது.

பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வங்கிப் புத்தகத்தை மூடி, “அப்ப இந்த வருசம் நானூறுதான் எடுக்கணுமா?” என்றார்.

“எண்ணூறை உள்ளேயே விட்டுட்டா, நாப்பதாயிரம் நாப்பதாயிரமா இருக்கும் பெரியப்பா.”

பக்கத்தில் இருந்த அவருடைய மகன், தான் மாதாமாதம் 800 வெள்ளியை மூன்று தவணையில் கொடுத்துவிடுவதாகச் சொன்னான். அவனுக்கு 29 வயது. அடுத்த வாரமே தன் சேமநிதி அறிக்கையை எனக்கு அனுப்பி, ஒவ்வோர் ஆண்டின் லாப ஈவுக்குப் பக்கத்தில் பணவீக்கத்தையும் எழுதித் தரச் சொன்னான்.